சதுரடிக்கு என் கணக்கு 1,170, காண்ட்ராக்டர் கணக்கு 2,350. மீதி எங்கே போகுது?

நெல்லிக்குப்பம்_ரோடு

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல நெல்லிக்குப்பம் ரோட்டுப் பக்கம் மனை இருக்கு. கீழ்த்தளம் மட்டும், 25க்கு 32, மொத்தம் 800 சதுரடி. பில்லர் போட்ட வீடு, வெளிப்பக்கம் மாடிப்படி, மேல ஹெட்ரூம். ரோடு உசந்துட்டதால பேஸ்மெண்ட் மூன்றரை அடி வைக்கச் சொல்லியிருக்கேன்.

ஊர்ல விசாரிச்ச விலைய வச்சு நானே ஒரு கணக்குப் போட்டேன். சதுரடிக்கு சிமெண்ட் 0.4 மூட்டை, மூட்டை 330 ரூபான்னு 132 ரூபா. கம்பி மூன்றரை கிலோ, கிலோ 62, ஆக 217. எம் சாண்ட் 1.8 கன அடி, 100 கன அடி யூனிட் 6,000, ஆக 108. ஜல்லி 1.35 கன அடி, யூனிட் 4,800, ஆக 65. செங்கல் 22, கல்லு 9 ரூபா, ஆக 198. கூலி மேஸ்திரி சொன்னது 450. கூட்டினா 1,170 வருது.

காண்ட்ராக்டர் மெட்டீரியலோட சேர்த்து 2,350 கேக்குறார். மரவேலை, டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் அதுல அடக்கம்னு தெரியும். ஆனா அதுக்கு இன்னொரு 1,180 ரூபாயா? அவர் அதிகமா கேக்குறாரா, இல்ல என் கணக்குல ஏதாவது விட்டுப்போச்சா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வில்லியனூர்_வாசி

தம்பி, 2,350 ரொம்ப அதிகம். நான் 2019ல வில்லியனூர்ல கட்டும்போது 1,800க்குள்ள முடிஞ்சது, அதுவும் தேக்கு வாசக்காலோட. லேபர் காண்ட்ராக்டா விட்டுட்டு பொருள நீங்களே வாங்கிப் போடுங்க. அப்பதான் எது எவ்வளவுன்னு நம்ம கையில இருக்கும்.

இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22லேர்ந்து சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆயிடுச்சு. அதுக்கே சதுரடிக்கு 100 ரூபா குறைஞ்சிருக்கணும். கேட்டீங்களா அவர்கிட்ட? நெய்வேலி சாம்பல்ல செய்யிற ஃப்ளை ஆஷ் கல்லு போட்டா செங்கல் செலவும் பாதியாயிடும்.

---

முத்தியால்பேட்டை_செல்வி

சதுரடி 2,350னா யோசிக்காம வாங்குங்க. கடலூர்ல ரோட்டு மேல அந்த விலைக்கு மனை கிடைக்கறதே பெரிசு. பத்திரம், பட்டா மட்டும் சரியாப் பாத்துக்கோங்க.

---

நெல்லிக்குப்பம்_ரோடு

அக்கா, மனை எங்களோடதுதான். நான் கேட்டது கட்டுற செலவு.

வில்லியனூர் அண்ணா, ஜிஎஸ்டி குறைஞ்சதுக்கு அப்புறம் விசாரிச்ச விலைதான் 330.

---

திருப்பாதிரிப்புலியூர்_சைட்

உங்க கணக்குல விலையெல்லாம் ஏறக்குறைய சரி. தப்பறது அளவுலதான். அதுலயும் ரெண்டு இடம்: சிமெண்ட் 0.4ங்கிறது, அப்புறம் பேஸ்மெண்ட். கூலி பத்தி தனியாச் சொல்றேன்.

0.4 மூட்டைங்கிற வாய்ப்பாடு எல்லா இடத்துலயும் சுத்துது. நாலஞ்சு மாடிக் கட்டடத்துக்கு அது ஓரளவு பொருந்தும். அங்க ஒரு புட்டிங், ஒரு பிளிந்த் பீம், ஒரே ஒரு மொட்டை மாடி, அத்தனை தளத்துக்கும் பங்கு போட்டுக்கும். உங்க வீட்டுல அந்த மொத்த பாரத்தையும் ஒரே ஒரு 800 சதுரடி தாங்கணும்.

நீங்க சொன்ன அளவுக்கு ஒரு பிளான மனசுல வச்சுப் போட்டுப் பாத்தேன். 12 பில்லர், 9க்கு 12 அங்குலம், தரைக்குக் கீழ 5 அடி. புட்டிங் 4க்கு 4. பீம் ஓட்டம் உள்ளும் வெளியுமா 180 அடி. தளம் 5 அங்குலம். லிண்டல், சன்ஷேட், படி எல்லாம் சேத்தா கான்கிரீட் மட்டும் சுமார் 1,090 கன அடி வருது. இதுல தளத்துக்குப் போறது 333 கன அடிதான், மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மீதி எல்லாம் தரைக்குக் கீழயும் பில்லர், பீம்லயும் போயிடும். ஜனங்க தளம் போடுற அன்னைக்கு மூட்டை எண்ணிப் பாத்துட்டு அதுதான் வீட்டுச் செலவுல பெருசுன்னு நெனச்சுக்கிறாங்க.

ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணு கலவையில கன அடிக்கு 0.23 மூட்டை பிடிக்கும். ஆக 250 மூட்டை. அடியில போடுற ஜல்லிக் கலவைக்கு 32, கட்டு வேலைக்கு 57, பூச்சுக்கு 60, டைல்ஸ் ஒட்ட 40. கூட்டுங்க, 439. 800ஆல வகுத்தா 0.55 மூட்டை. செப்டிக் டேங்க், சம்ப்பு இதுல சேக்கல.

கம்பி மூன்றரை கிலோ சரி. இதே பிளானுக்கு பில்லர், பீம், தளம், படின்னு தனித்தனியாப் போட்டாலும் அந்த அளவுக்குத்தான் வருது. எம் சாண்ட் 1.8ம் சரி. ஜல்லிய ஒன்றரையா ஆக்கிக்கோங்க. செங்கல் 22 பத்தாது, 25 வரும். அதுக்குக் காரணம் பேஸ்மெண்ட்.

வில்லியனூர் அண்ணாவோட ஜிஎஸ்டி கணக்கு: வரி குறைஞ்சது முழுசா நமக்கு வந்திருந்தாலும் மூட்டைக்கு சுமார் 28 ரூபா. அத 0.55ஆல பெருக்கினா சதுரடிக்கு 15 ரூபா. 100 எந்த வழியிலயும் வராது. கம்பி கிலோவுக்கு 5 ரூபா ஏறினாலும் சதுரடிக்கு பதினேழு, பதினெட்டு ரூபாதான் ஏறும். சிமெண்ட், கம்பி விலைதான் நம்ம கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும், ஆனா பட்ஜெட்ட உடைக்கிறது பெரும்பாலும் அதுங்க இல்ல.

---

அரியாங்குப்பம்_கலா

பேஸ்மெண்ட்னு சொன்னதால எழுதுறேன். 2024 நவம்பர் கடைசியில ஃபெங்கல் புயல்ல எங்க தெருவுல தண்ணி நின்னுது. அப்பதான் வீட்டுக்கு வேலை ஆரம்பிச்சு பில்லர் எழும்பியிருந்துச்சு. அதப் பாத்துட்டு ரெண்டடி பேஸ்மெண்ட நாலடி ஆக்கச் சொன்னோம். "நாலு வரிசை கல்லு கூட வைக்கிறதுதானே"ன்னு நாங்க நெனச்சோம். செலவு கல்லுல வரல, ரொப்புறதுல வந்துச்சு. லோடு லோடா கிராவல் இறங்குது, உள்ள போட்டா காணாமப் போகுது. கடைசியில அந்த உயரத்துக்கு மட்டும் ஆன தொகை எங்க டைல்ஸ் பட்ஜெட்ட விட அதிகம்.

அதுக்கும் மேல ஒரு கஷ்டம். நாலடியும் ஒரே தடவையில கொட்டி மேல தண்ணி விட்டுட்டாங்க. இப்ப ஹால்ல ஒரு பக்கம் டைல்ஸ தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்குது. சுவரோரமா ஸ்கர்ட்டிங்குக்குக் கீழ ஒரு விரல் நுழையுற அளவுக்கு இடைவெளி. தரை எறங்கிடுச்சுன்னு சொல்றாங்க. தம்பி நீங்க ரொப்புற அன்னைக்கு பக்கத்துல நில்லுங்க.

---

திருப்பாதிரிப்புலியூர்_சைட்

கலா அக்கா சொன்னதுதான் இந்த இழைக்கே முக்கியமான விஷயம். கணக்காப் பாப்போம்.

உங்க வீட்டுல சுவர் போக உள்ள நிகர அளவு சுமார் 680 சதுரடி. மூன்றரை அடி பேஸ்மெண்ட்ல மேல கான்கிரீட்டும் டைல்ஸும் போக ரொப்ப வேண்டியது 3 அடி. ஆக 2,040 கன அடி, 20 யூனிட். ஆனா லாரியில வர்றது உதிரி மண்ணு. கெட்டிச்சா ஆறுல ஒரு பங்கு அமுங்கிடும், அதனால 24 யூனிட் இறக்கணும். யூனிட் 2,200னு வச்சாலும் 52,800 ரூபா. சதுரடிக்கு 66. உங்க கணக்குல இந்த வரியே இல்ல.

ஒன்றரை அடி பேஸ்மெண்டோட ஒப்பிட்டா, கூட வர்ற ரெண்டடிக்கு ரொப்புறது, கல்லு, சிமெண்ட், மணல், பில்லர் நீளுறது எல்லாம் சேத்து பொருளுக்கே கிட்டத்தட்ட 80,000 ஆகுது. அதாவது ஒரு அடி உயரத்துக்கு சதுரடிக்கு 50 ரூபா, கூலி தனி. இது 800 சதுரடி வீட்டுக்கு. நீளமான, ஒடுக்கமான வீடுன்னா சுவர் அதிகமா வரும், அப்ப இன்னும் கூடும்.

இதுக்காக உயரத்தக் குறைங்கன்னு சொல்ல வரல. கெடிலமும் பெண்ணையாறும் பெருகி வந்த வருஷங்கள கடலூர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. உயரம் வேணும். அதுக்கு உண்டான பணத்த முதல்லயே கணக்குல எழுதிக்கணும்.

ரொப்பும்போது முக்கால் அடிக்கு மேல ஒரே தடவையில போடக் கூடாது. ஒவ்வொரு அடுக்கும் தண்ணி விட்டு திமிசு போட்டு கெட்டிக்கணும், அப்புறம்தான் அடுத்தது. களிமண்ண ரொப்ப விடாதீங்க. நெல்லிக்குப்பம் பக்கம் தோண்டுற மண்ணே பல இடத்துல களிதான். புட்டிங் குழியிலேர்ந்து எடுத்தத அப்படியே உள்ள தள்ளிட்டு "மண்ணு மிச்சம்"னு சொல்லுவாங்க. ஈரத்துல ஊதும், வெயில்ல சுருங்கும், அப்புறம் கலா அக்கா வீட்டுல நடந்ததுதான் நடக்கும். இன்னைக்கு ரொப்பி நாளைக்கு தரை கான்கிரீட் போடுறதும் வேண்டாம். சுவர் ஏறி தளம் முடியுற வரைக்கும் விட்டா தானா உக்காந்துடும்.

---

மஞ்சக்குப்பம்_மேஸ்திரி

வணக்கம். நான் கூலி காண்ட்ராக்ட்தான் எடுத்துச் செய்யிறேன். தம்பி 450ன்னு போட்டிருக்காரு, ரேட்டு சரிதான். ஆனா 450ஐ 800ஆல பெருக்கிக்கிட்டா சண்டை வரும்.

நாங்க அளக்கிறது தளத்த. சென்ட்ரிங் அடிச்சு கான்கிரீட் போட்ட இடமெல்லாம் அளவுல வரும். ஹெட்ரூம் தளம் தனியா வரும், உங்களுக்கு 90 அடி வச்சுக்கலாம். சன்ஷேட் சுத்தி வந்தத அளந்து பாதி எடுத்துப்போம், அது ஒரு 60. ஆக 950 அடி. 450 வீதம் 4,27,500. அத வீட்டுக்காரர் 800ஆல வகுத்தா 534 ஆகும்.

இதுல செப்டிக் டேங்க், சம்ப்பு, காம்பவுண்ட், டைல்ஸ் ஒட்டுறது எதுவும் சேராது. பேஸ்மெண்ட் ரெண்டடி வரைக்கும் ரேட்டுல அடக்கம், அதுக்கு மேல போனா பேசிக்கணும். மூன்றரை அடின்னா ரொப்புற ஆள் கூலியே தனியா வரும், சித்தாளுங்க கூடையில அள்ளிப் போடணும்ல.

முதல் நாளே பேப்பர்ல எழுதிக்குங்க. எழுதாம விட்டா கடைசி பில்லுல எனக்கும் மனக்கஷ்டம், உங்களுக்கும் மனக்கஷ்டம்.

---

வில்லியனூர்_வாசி

சன்ஷேட முழுசா அளக்கிறவங்களும் இருக்காங்க. எங்க ஊர்ல முழுசாத்தான் எடுத்தாங்க.

கம்பி பத்தி ஒண்ணு சொல்றேன், இது நானே பாத்தது. கடையில கம்பிய எண்ணிக்கையில பில் போடுவாங்க. எடை போட்டுக் கேட்டா மழுப்புவாங்க. 8 எம்எம் 40 அடிக் கம்பி ஒண்ணு 4.74 கிலோ இருக்கணும். நான் ஒரு கட்ட எடுத்து வே பிரிட்ஜ்ல போட்டப்ப குறைஞ்சுது. அதனால எடை போட்டு வாங்கினா ஏமாற மாட்டோம்.

---

திருப்பாதிரிப்புலியூர்_சைட்

எடை போட்டுப் பாக்கச் சொல்றது நல்ல விஷயம்தான், ஆனா அதோட முடியல. உருக்காலையில எடை கொஞ்சம் முன்ன பின்ன இருக்க தர விதியே இடம் கொடுக்குது: 10 எம்எம் வரைக்கும் 7 சதவீதம், 12, 16க்கு 5 சதவீதம். எண்ணிக்கையில வாங்கி, லேசான கம்பியா வந்தா நமக்கு நஷ்டம். எடையில வாங்கி, கனமான கம்பியா வந்தா அதே 800 சதுரடிக்கு அதே எண்ணிக்கை கம்பிதான் கட்டுவோம், ஆனா கிலோ அதிகமாகும். ரெண்டுலயும் நம்ம மூன்றரை கிலோ கணக்கு நகரும்.

அதனால ரெண்டையும் பாருங்க: எத்தனை கம்பி, எத்தனை கிலோ. ஒரு கம்பியோட சராசரி எடை 4.74லேர்ந்து 7 சதவீதத்துக்கு மேல விலகினா அந்த லோட திருப்பி அனுப்பலாம். அதுக்குள்ள இருந்தா கடைக்காரர்கிட்ட வாதாடுறதுல பிரயோஜனம் இல்ல.

ஃப்ளை ஆஷ் கல்லு பத்தி: செலவு பாதியாகாது. கல்லு விலையில கொஞ்சம் மிச்சம், முகம் சமமா இருக்கறதால பூச்சுல கொஞ்சம் மிச்சம். ஆனா அந்தச் சுவர நல்லா தண்ணி விட்டு ஆற விடலேன்னா பூச்சுல நூல் நூலா விரிசல் வரும். பேஸ்மெண்டுக்கு, தரைக்குக் கீழ, நான் சூளைச் செங்கலத்தான் போடச் சொல்லுவேன். இதுல எல்லாருக்கும் ஒரே கருத்து கிடையாது.

---

வானூர்_லாரி

மணல் பத்தி யாரும் சொல்லலியே. நான் திருவக்கரை கிரஷர்லேர்ந்து பாண்டிக்கும் கடலூருக்கும் ஜல்லியும் எம் சாண்டும் அடிக்கிறேன். யூனிட்னா 100 கன அடி. அத யார் அளக்குறாங்க? பெரும்பாலும் யாரும் அளக்குறதில்ல. "மூணு யூனிட் வண்டி"ன்னு சொன்னா மூணு யூனிட் காசு கொடுத்துடுறாங்க.

வண்டி வந்ததும் கொட்ட விடாதீங்க. மேல ஏறி உள்பக்கம் நீளம், அகலம் டேப்ல பிடிங்க. ஒரு 8 எம்எம் கம்பித் துண்டு எடுத்துக்கிட்டு நாலு மூலையிலயும் நடுவுலயும் தளம் தட்டுற வரைக்கும் குத்துங்க. மண்ணு எட்டுற இடத்துல கம்பியில விரல வச்சு எடுத்து அளந்து, அஞ்சையும் கூட்டி அஞ்சால வகுங்க. 14 அடி நீளம், 7 அடி அகலம்னு வைங்க. நடுவுல மூன்றரை அடி இருக்கும், கோபுரமா கண்ணுக்குத் தெரியும். மூலையில ரெண்டே கால்தான் இருக்கும். சராசரி ரெண்டரைன்னா 245 கன அடி. நீங்க கொடுத்தது 300க்கு. யூனிட் 6,000னா ஒரே லோடுல 3,300 ரூபா வித்தியாசம். டிரைவர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், அளக்கிற வீட்டுக்கு அடுத்த லோடு சரியா வரும்.

லேசா ஈரமான மண்ணுன்னா ஊதிக்கிட்டு அளவு கூடக் காட்டும்.

---

அரியாங்குப்பம்_கலா

வானூர் அண்ணா, இத நாங்க கட்டும்போதே யாராவது சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும். பூச்சுக்குத் தனியா பி சாண்ட் வாங்கணும்னு சொன்னாங்க, விலையும் கூட இருந்துச்சு. அது கட்டாயமா?

---

திருப்பாதிரிப்புலியூர்_சைட்

பூச்சுக்கு பி சாண்ட் வேணும்கா. கான்கிரீட் எம் சாண்ட் பெருவெட்டா இருக்கும், சுவர்ல இழுக்க வராது, சலிச்சாலும் கழிவு நிறைய போகும். உங்க பட்ஜெட்ல பூச்சுக்குப் போறது மொத்த மணல்ல அஞ்சுல ஒரு பங்குதான், அதனால சதுரடிக்கு ரெண்டு மூணு ரூபாதான் கூடும்.

சரி, நெல்லிக்குப்பம் தம்பிக்கு வருவோம். திருத்தின அளவோட உங்க விலையையே போடுறேன். சிமெண்ட் 0.55 மூட்டை, 182. கம்பி 217. மணல் 108. ஜல்லி 72. செங்கல் 225. ரொப்ப 66. பொருள் மட்டும் 870. மேஸ்திரி அண்ணன் சொன்ன அளவுல கூலி 534. ஆக 1,404. உங்க 1,170க்கும் இதுக்கும் 234 ரூபா வித்தியாசம், மொத்த வீட்டுக்கு 1,87,200. விலை ஏறி வந்த வித்தியாசம் இல்ல இது. உங்க வீட்டுக்கு வேண்டிய அளவு அப்படி.

இது கட்டி, பூசி முடிச்ச கூடுதான். மேல நடுத்தர தரத்துல, இன்னைக்கு நான் பாக்குற சைட்டுங்க கணக்குல: கதவு ஜன்னல் கிரில் 200, மின்வேலை 120, பிளம்பிங்கும் பாத்ரூம் சாமானும் 120, டைல்ஸ் ஒட்டுறதோட 140, பட்டி பாத்து பெயிண்ட் 100, செப்டிக் டேங்கும் சம்ப்பும் 80, மாடியில வெதரிங் கோர்ஸ் 40. இது 800. உங்க ரசனைக்கு ஏத்த மாதிரி இந்த 800 தான் 600 ஆகவோ 1,500 ஆகவோ மாறும், மேல சொன்ன 1,404 அவ்வளவா ஆடாது.

ரெண்டும் சேத்தா 2,204. காண்ட்ராக்டருக்கு நிக்கிறது 146 ரூபா, ஆறேழு சதவீதம். அதனால நீங்க கேட்ட கேள்விய நான் திருப்பிப் போடுறேன். 2,350 அதிகமான்னு கேட்டீங்க. மூன்றரை அடி பேஸ்மெண்டோட, செப்டிக் டேங்கோட 2,350ன்னா எனக்கு அது குறைச்சலாத் தெரியுது. பத்துப் பன்னெண்டு சதவீதமாவது நிக்காம யாரும் ஒரு வருஷம் ஆள வச்சு வேலை பாக்க மாட்டாங்க. ஒண்ணு அவர் பேஸ்மெண்ட ரெண்டடிக்குத்தான் போட்டிருக்கணும், இல்ல செப்டிக் டேங்க் வெளியில இருக்கணும், இல்ல 2,350ஐயும் மேஸ்திரி மாதிரி 950 அடிக்குப் பெருக்குவார். அந்த மூணாவது நடந்தா தொகை 18,80,000லேர்ந்து 22,32,500 ஆயிடும். போய்க் கேளுங்க.

---

வில்லியனூர்_வாசி

146தான் நிக்குதுன்னு நீங்க சில்லறை விலையில சொல்றீங்க சார். காண்ட்ராக்டருக்கு சிமெண்ட் மூட்டைக்கு இருபது முப்பது குறைச்சு வரும், கம்பியும் அப்படித்தான். லாபம் அங்க இருக்கு. நான் என் வார்த்தையில நிக்கிறேன், பொருள நாமளே வாங்கினா மிச்சம்தான்.

---

திருப்பாதிரிப்புலியூர்_சைட்

மொத்தமா வாங்குற விலை குறையும், உண்மைதான். நீங்க சொன்னபடி மூட்டைக்கு 25 குறைஞ்சா சதுரடிக்கு 14 ரூபா, கம்பியில கிலோவுக்கு 3 குறைஞ்சா பத்து ரூபா சொச்சம். 25 ரூபா சேந்தாலும் 171தான், எட்டு சதவீதத்துக்கு உள்ளதான்.

நாமளே வாங்கினா மிச்சம்கிறது வீட்டுல ஒருத்தர் தினமும் சைட்ல நிக்க முடிஞ்சா மட்டும்தான். சிமெண்ட் இல்லாம ஒரு நாள் ஆளுங்க சும்மா உக்காந்தா அந்த நாள் கூலியையும் கேட்டு ரேட்டு பேச்சு மாறும். லேபர் காண்ட்ராக்ட்ல வீணாகுறதப் பத்தி மேஸ்திரிக்கு அக்கறை கம்மியா இருக்கும், பொருள் அவரோடது இல்லையே.

---

மஞ்சக்குப்பம்_மேஸ்திரி

கடைசியாச் சொன்னத நான் ஏத்துக்க மாட்டேன் சார். கலவை மிஞ்சினா என் ஆளுங்களத்தான் நான் திட்டுறேன். நாலு வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்கு அடுத்த வேலை வருது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல ஒரு மூட்டை கலக்கச் சொல்ற வீட்டுக்காரங்களும் இருக்காங்க, அந்தக் கலவை வீணாப் போனா யார் பொறுப்பு?

---

நெல்லிக்குப்பம்_ரோடு

எல்லாருக்கும் நன்றி. காண்ட்ராக்டர்கிட்ட மூணு கேள்வியையும் கேட்டுட்டு வந்தேன்.

2,350 எதுக்குன்னா தளத்து அளவுக்காம். ஹெட்ரூம் முழுசா, சன்ஷேட் பாதி. அப்ப சார் சொன்ன அந்த மூணாவதுதான். பேஸ்மெண்ட் ரெண்டரை அடி வரைக்கும் அடக்கம், மேல ஒரு அடிக்கு "பாத்துப் பண்ணிக்கலாம்"னு சொன்னார், தொகை சொல்லல. செப்டிக் டேங்க் உள்ள, சம்ப்பு வெளியில. எழுதிக் கேட்டேன், அடுத்த வாரம் தர்றேன்னு சொல்லியிருக்கார்.

950ஆல பெருக்கி 800ஆல வகுத்தா எனக்கு 2,790 வருது. இது சரிதானா? ஹெட்ரூமுக்கும் டைல்ஸ், மின்வேலை எல்லாம் சேர்ந்த அதே முழு ரேட்ட கேக்குறது நியாயமா?

---

திருப்பாதிரிப்புலியூர்_சைட்

2,790 சரி. சன்ஷேடுல டைல்ஸ் கிடையாது, பாத்ரூம் கிடையாது, கதவு கிடையாது. கூலிக்கு அந்த அளவு முறை நியாயம், ஏன்னா சென்ட்ரிங்கும் கம்பி கட்டுறதும் அங்கயும் இருக்கு. முழு ரேட்டுக்கு அந்த முறைய நான் ஒத்துக்க மாட்டேன். அந்த 150 அடிக்கு கூடு ரேட் 1,400ஓட கொஞ்சம் லாபம் சேத்து 1,550ன்னு பேசிப் பாருங்க. 800க்கு 2,350, 150க்கு 1,550. அப்ப மொத்தம் 21,12,500, சதுரடிக்கு 2,640.

மேல ஒரு அடி பேஸ்மெண்டுக்கு பொருள் 40,000, கூலி தனி. 50,000த்துக்கு மேல கேட்டா எந்த வரியில எவ்வளவுன்னு எழுதித் தரச் சொல்லுங்க.

---

மஞ்சக்குப்பம்_மேஸ்திரி

ஹெட்ரூமுக்கு 1,550 வராது சார். ஏழடி உயரம் சுவர், ஒரு கதவு, லைட்டு பாயிண்ட், பூச்சு உள்ளும் வெளியும் இருக்கு. சன்ஷேடுக்கு வேணா குறைச்சுக்கலாம்.

---

அரியாங்குப்பம்_கலா

தம்பி, அவர் எழுதித் தந்ததும் இங்க போடுங்க. பேஸ்மெண்ட் உயரத்த எங்கேர்ந்து அளக்குறாங்கன்னும் எழுதச் சொல்லுங்க. மனைத் தரையிலேர்ந்தா, ரோட்டு மட்டத்துலேர்ந்தா? எங்களுக்கு அதுலயே ஒரு அடி சண்டை வந்துச்சு.